லாபம் இருக்கு, பணம் எங்கே?

“ஆடிட்டர் சார், போன மாசம் ஒண்ணு தொண்ணூறு லாபம்னு போட்டிருக்கீங்க. கல்லாவையும் பேங்க்கையும் சேர்த்துப் பார்த்தா ரெண்டே முக்கால் லட்சம் குறையுது. நடுவுல யார் எடுத்தது?”

ஓட்டல் நடத்துகிறவர்களின் கணக்கைப் பார்க்கிற எந்த ஆடிட்டரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். கேட்கிற முதலாளிக்குச் சந்தேகம் முதலில் போவது கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மேல். அவர் பெரும்பாலும் மச்சானாகவோ ஊர்க்காரப் பையனாகவோ இருப்பார். பாவம், அவர் ஒரு காபிக்குக்கூடக் கணக்கு எழுதியிருப்பார். லாப நட்டக் கணக்கும் கல்லாவில் இருக்கிற பணமும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கிறவை. லாப நட்டக் கணக்கு, இந்த மாதம் நடந்த வியாபாரம் சம்பாதித்துக் கொடுத்ததா என்று சொல்லும். ரொக்க ஓட்ட அறிக்கை, அதாவது எல்லாரும் கேஷ் ஃப்ளோ என்று சொல்வது, பணம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போனது என்று சொல்லும். ஒன்றில் லாபமும் மற்றதில் பற்றாக்குறையும் ஒரே மாதத்தில் வரலாம். இரண்டுமே சரியாகவும் இருக்கலாம்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாவட்டத் தலைநகர் ஒன்றில், அறுபது பேர் உட்காரக்கூடிய சைவ ஓட்டல். முதலாளி ஒருவர் பெயரிலேயே நடக்கிற கடை. மாதத்தில் கவுண்டர் விற்பனை, பார்சல் உட்பட, 13 லட்சம். ஸ்விக்கி, சொமேட்டோ வழியாக 3 லட்சம். ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு தொழிற்சாலைக்கு இந்த மாதம்தான் மதியச் சாப்பாடு அனுப்பத் தொடங்கியிருக்கிறார். அதற்கு மாதக் கடைசியில் போட்ட பில் ஒன்றரை லட்சம். ஆக விற்பனை 17,50,000 ரூபாய்.

செலவுப் பக்கம்: சமையலுக்குப் பயன்பட்ட மளிகை, காய்கறி, பால், எண்ணெய் 6,30,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. சேர்த்துச் சம்பளம் 4,20,000. வாடகை 1,30,000. கேஸும் மின்சாரமும் 1,35,000. ஆன்லைன் கமிஷன், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, விளம்பரக் கட்டணம் எல்லாம் சேர்த்து 90,000. இலை, பார்சல் டப்பா, ரிப்பேர், சில்லறைச் செலவுகள் 85,000. தேய்மானம் 40,000. வங்கிக் கடன் வட்டி 30,000. கூட்டினால் 15,60,000. மீதி 1,90,000 லாபம். ஆடிட்டர் கணக்கில் தவறில்லை.

இப்போது இந்த 1,90,000-ஐக் கையில் பிடித்துக்கொண்டு கல்லா வரை நடப்போம். ரொக்க ஓட்ட அறிக்கையைத் தயாரிக்கிற வழிகளில் பழக்கத்தில் அதிகம் இருப்பதும் இதுதான்: லாபத்தில் தொடங்கி, பணமாக நடக்காதவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வருவது.

முதலில் தேய்மானம். மூன்று வருடத்துக்கு முன்பு வாங்கிய பாய்லர், டேபிள், ஏசி ஆகியவற்றின் விலையை அவை உழைக்கிற வருடங்களுக்குப் பிரித்துப் போடுகிறோம். அதில் இந்த மாதப் பங்கு 40,000. லாபத்தில் கழித்தாயிற்று, ஆனால் இந்த மாதம் யாரிடமும் அந்தப் பணத்தை எண்ணிக் கொடுக்கவில்லை. அதனால் திரும்பக் கூட்டுகிறோம். 2,30,000 ஆகிறது. முதலாளிக்குச் சாதகமான வரிகளில் இதுவும் ஒன்று.

அடுத்தது தொழிற்சாலை பில். சாப்பாடு போய்ச் சேர்ந்துவிட்டது, சாப்பிட்டும் ஆயிற்று, பில்லும் போட்டாயிற்று. ஆகவே அது விற்பனை. ஆனால் ஒப்பந்தப்படி பணம் 60 நாள் கழித்து. இந்த மாதக் கல்லாவில் அதிலிருந்து ஒரு ரூபாயும் விழவில்லை. ஒன்றரை லட்சத்தைக் கழித்தால் நிற்பது 80,000. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த பில் மேல் போட்ட 5 சதவீத ஜிஎஸ்டி, 7,500 ரூபாயை, தொழிற்சாலை கொடுத்ததா இல்லையா என்று பார்க்காமல் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் இவர் தன் கையிலிருந்து கட்டியாக வேண்டும்.

மூன்றாவது அரிசி மூட்டை. பழைய பொன்னி நல்ல விலைக்கு வருகிறது என்று மொத்த வியாபாரி சொல்ல, வழக்கத்தைவிட 1,20,000 ரூபாய்க்கு அதிகமாக அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கி ஸ்டோர் ரூமில் அடுக்கியிருக்கிறார். லாப நட்டக் கணக்கு, சமைத்துத் தீர்ந்ததை மட்டுமே செலவாக எடுக்கும். மூட்டையாக இருக்கிற அரிசி செலவில்லை, சரக்கிருப்பு. பணம் மட்டும் போய்விட்டது. 80,000-லிருந்து அதைக் கழித்தால் 40,000 பற்றாக்குறை. அதே நேரத்தில் மளிகைக் கடைக்காரர், வாங்கியது அதிகம் என்பதால், 50,000 ரூபாயை “அடுத்த மாசம் குடுங்கண்ணே” என்று விட்டுவைத்திருக்கிறார். அது பணமாக மிச்சம். கூட்டினால் 10,000 வருகிறது.

ஒரு மாதம் முழுக்க அடுப்பெரித்து, 17 லட்சத்துக்கு மேல் விற்று, தொழில் பெற்றுத்தந்த ரொக்கம் பத்தாயிரம் ரூபாய். அறிக்கையின் முதல் தலைப்பு இதுதான்: அன்றாடத் தொழில் நடவடிக்கைகளிலிருந்து வந்த ரொக்கம். ஓட்டல்காரர் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்ப்பார் என்றால் இதைப் பார்க்கச் சொல்வேன்.

ஸ்விக்கி, சொமேட்டோ பணத்தைப் பற்றி ஏன் எதுவும் சொல்லவில்லை என்று கேட்கலாம். அவர்கள் வாரக் கணக்கில் தீர்க்கிறார்கள். மாதக் கடைசி வாரத்துப் பணம் அடுத்த மாதம் வந்தாலும், போன மாதக் கடைசி வாரத்துப் பணம் இந்த மாதம் வந்துவிடுகிறது. வியாபாரம் ஒரே சீராக இருந்தால் இரண்டும் ஏறத்தாழ சரிக்குச் சரி. மேலும் 2022 ஜனவரி 1 முதல் அந்த ஆர்டர்களுக்கான ஜிஎஸ்டியை அந்தத் தளங்களே கட்டிவிடுகின்றன, அது ஓட்டல்காரர் கைக்கு வருவதே இல்லை.

இரண்டாவது தலைப்பு முதலீடு. பழைய கிரைண்டர் மாவை அரைப்பதைவிட அதிகம் சத்தம் போடுகிறது என்று புதியதொன்றும், கூடவே ஒரு டீப் ஃப்ரீசரும் வாங்கியிருக்கிறார். 1,40,000 ரூபாய், முழுதும் கையிலிருந்து. லாப நட்டக் கணக்கில் இந்தத் தொகையைத் தேடினால் கிடைக்காது. வருமான வரிக் கணக்கில் இப்படிப்பட்ட இயந்திரங்களுக்குப் பொதுவான தேய்மானம் வருடத்துக்கு 15 சதவீதம். முழு வருடத்துக்குப் போட்டாலும் 21,000 ரூபாய்தான் செலவாக ஏறும். மீதி வரும் வருடங்களில் சிறுகச் சிறுக ஏறும். கடைக்காரர் மட்டும் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் வண்டியில் ஏற்றிவிட்டார்.

மூன்றாவது தலைப்பு கடனும் முதலும். வங்கித் தவணை மாதம் 85,000. இதில் வட்டி 30,000 மட்டுமே செலவு. அது லாபத்தில் ஏற்கெனவே கழிந்துவிட்டது. மீதி 55,000 அசல். அசலைத் திருப்பிக் கொடுப்பது செலவாகாது, ஏனென்றால் கடன் வாங்கிய அன்று அது வருமானமாகவும் ஆகவில்லை. இந்த ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள ஓட்டல்காரர்களுக்கு மனம் வருவதில்லை. “முழு தவணையும் நான்தானே சார் கட்டுறேன்?” என்பார்கள். கட்டுவது நிஜம். அதனால்தான் அது லாபக் கணக்கில் இல்லாவிட்டாலும் ரொக்கக் கணக்கில் இருக்கிறது.

இதே தலைப்பில் வருவது முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போன 90,000. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வீட்டுச் செலவு, ஒரு சீர். தனி முதலாளி கடையில் அவர் எடுப்பது சம்பளம் ஆகாது, சொந்த எடுப்பு, செலவில் சேராது. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். விடிகாலை நாலரைக்கு வந்து ஷட்டரைத் தூக்கி, இரவு பதினொன்றுக்கு இறக்குகிற அவருடைய உழைப்புக்கு அந்த லாபக் கணக்கில் ஒரு பைசா போடவில்லை. வேறு ஒரு மேனேஜரை வைத்தால் 1,90,000 என்பது எவ்வளவு சுருங்கும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கூட்டிப் பாருங்கள். தொழிலிலிருந்து வந்தது 10,000. இயந்திரங்களுக்குப் போனது 1,40,000. அசலுக்கும் வீட்டுக்கும் போனது 1,45,000. நிகரக் குறைவு 2,75,000. மாதத் தொடக்கத்தில் கல்லாவிலும் வங்கியிலும் 4,10,000 இருந்தது. முடிவில் 1,35,000. முதலாளி சொன்ன ரெண்டே முக்கால் லட்சம் அட்சரம் பிசகாமல் வந்துவிட்டது. மச்சான் எடுக்கவில்லை.

சரி, விடை தெரிந்துவிட்டது. இதனால் என்ன ஆகப்போகிறது? அடுத்த மாதம் 7-ஆம் தேதியைப் பார்த்தால் தெரியும். கையிருப்பு 1,35,000. முதல் ஏழு நாள் கவுண்டரில் நாளொன்றுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 45,000 வீதம் 3,15,000 வரும். ஒரு வார ஆன்லைன் பணம் 50,000. பால், காய்கறி, கேஸ் என்று அன்றன்று கொடுத்தாக வேண்டியது நாளுக்கு 15,000 வீதம் 1,05,000. ஆக 7-ஆம் தேதி இரவு கையில் இருக்கக்கூடியது 3,95,000. அதற்குள் 5-ஆம் தேதி கட்டட உரிமையாளருக்கு வாடகை 1,30,000. 7-ஆம் தேதி பையன்களுக்கும் மாஸ்டருக்கும் கையில் கொடுக்க வேண்டிய சம்பளம் 3,70,000. மொத்தம் ஐந்து லட்சம். 1,05,000 துண்டு விழுகிறது. லாபத்தில் ஓடுகிற கடை, சம்பள நாளில் தண்டல்காரரைத் தேடிப் போவது இப்படித்தான். சம்பளம் இரண்டு நாள் தள்ளினால் பரோட்டா மாஸ்டர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார், அது இன்னொரு கதை.

இந்தத் துண்டு விழுவது முன் மாதம் 10-ஆம் தேதியே தெரிந்திருந்தால் வழிகள் இருந்தன. கிரைண்டரைத் தவணையில் எடுத்திருக்கலாம். அரிசியை வழக்கமான அளவில் வாங்கியிருக்கலாம்; மூட்டைக்கு மிஞ்சிய சில நூறு ரூபாய், தண்டல் வட்டியில் போய்விடும் என்று புரிந்திருக்கும். தொழிற்சாலையிடம் 60 நாளுக்குப் பதில் 30 நாள் கேட்டிருக்கலாம், அல்லது வாராவாரம் பாதி கொடுங்கள் என்றிருக்கலாம். அந்த ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தமே. ஆனால் முதல் பணம் வருவதற்குள் இன்னொரு மாத பில்லும் ஏறி, மூன்று லட்ச ரூபாய்ச் சாப்பாட்டை இவர் தன் பணத்தில் ஆக்கிப்போட்டிருப்பார். மூன்றாவது மாதத்திலிருந்து ஒரு பில் வர ஒரு பில் போக, பாரம் ஏறாமல் அப்படியே நிற்கும். இந்த விவரத்தை லாப நட்டக் கணக்கு எந்த மாதத்திலும் சொல்லாது. அதில் மூன்று மாதமும் ஒரே மாதிரி அழகாக இருக்கும்.

வருமான வரியும் கல்லாவைப் பார்த்து வருவதில்லை, லாபத்தைப் பார்த்துத்தான் வருகிறது. பணம் அரிசியாகவும் கிரைண்டராகவும் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் முன்கூட்டி வரித் தவணை தள்ளிப்போகாது.

ஆடிட்டர் ஏன் இதைத் தாமாகவே தருவதில்லை என்றால், தரவேண்டிய கட்டாயம் இல்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் கம்பெனிகளின் நிதி அறிக்கைகளில் ரொக்க ஓட்ட அறிக்கையையும் சேர்க்கச் சொல்கிறது. சிறு கம்பெனி, ஒரு நபர் கம்பெனி போன்றவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. தனி முதலாளி கடைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் கேட்டால்தான் கிடைக்கும். டாலியில் Cash Flow என்று ஒரு ரிப்போர்ட் இருக்கிறது. அது எந்தக் கணக்கு வழியாக வந்தது, எதில் போனது என்று காட்டும். அதைத் தொழில், முதலீடு, கடனும் முதலும் என்று மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கணக்கு எழுதுகிறவரைக் கேட்க வேண்டும்.

இதுவரை பார்த்தது லாபம் இருந்து பணம் இல்லாத கடை. இதைவிட ஆபத்து, பணம் இருந்து லாபம் இல்லாத கடை. ஓட்டல் தொழிலுக்கே உரிய நோய் இது. துணிக்கடைக்காரர் முதலில் சரக்குக்குப் பணம் போட்டுவிட்டு விற்கக் காத்திருப்பார். ஓட்டலில் சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு உடனே பணத்தைக் கொடுத்துவிடுகிறார். அந்தச் சாப்பாட்டுக்கான மளிகைக்காரர், மாஸ்டர், அரசாங்கம் எல்லாரும் பிறகுதான் வாங்கிக்கொள்கிறார்கள். இடைப்பட்ட நாளில் அவர்கள் பணம் இவர் கல்லாவில் கிடக்கிறது.

ஆனி மாதம் ஒருவர் பிரியாணிக் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ், பாத்திரம், உள் அலங்காரம் எல்லாம் சேமிப்பிலிருந்து முன்பே முடிந்தது. முதல் மாத விற்பனை 8 லட்சம். செலவு 8,70,000. நட்டம் 70,000. ஆனால் மாதக் கடைசி இரவில் கல்லாவும் வங்கியும் சேர்ந்து 3,40,000 காட்டும். எப்படி? சம்பளம் 2,10,000 இன்னும் கொடுக்கவில்லை, அது அடுத்த மாதம் 7-ஆம் தேதி. கறிக்கடைக்கும் மளிகைக்கும் பாக்கி 1,60,000. வாடிக்கையாளரிடம் வசூலித்த ஜிஎஸ்டி 40,000, அது 20-ஆம் தேதி. இந்த 4,10,000-ல் நட்டம் 70,000-ஐக் கழித்தால் வருவது 3,40,000. முதலாளிக்குத் தெரிவது அந்த எண் மட்டும். கடை பிய்த்துக்கொண்டு போகிறது என்று நினைப்பார். இரண்டாவது கிளைக்கு இடம் பார்க்கத் தொடங்குகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆடியில் அதே விற்பனை, அதே நட்டம். போன மாதப் பாக்கியைக் கொடுக்கிறார், இந்த மாதப் பாக்கி அதே அளவில் சேர்கிறது. கல்லா 2,70,000 ஆகிறது. ஆவணியில் 2,00,000. குறைகிறதே என்று தோன்றும். ஆனாலும் இரண்டு லட்சம் இருக்கிறதே என்றும் தோன்றும்.

புரட்டாசி பிறக்கிறது. ஊரில் பாதி வீடு அசைவத்தை நிறுத்துகிறது. விற்பனை 8 லட்சத்திலிருந்து 5 லட்சமாக இறங்குகிறது. கறியும் அரிசியும் விற்பனையில் 40 சதவீதம் என்றால், விற்பனை 3 லட்சம் குறையும்போது அந்தச் செலவு 1,20,000 குறையும். வாடகை, சம்பளம், மற்றதெல்லாம் அப்படியே. நட்டம் 70,000-லிருந்து 2,50,000 ஆகிறது. அது ஒரு அடி. இன்னொரு அடி கண்ணுக்குத் தெரியாமல் விழும். ஆவணியில் எட்டு லட்சம் விற்றபோது சேர்ந்த 1,60,000 கடைப் பாக்கியையும் 40,000 ஜிஎஸ்டியையும் புரட்டாசியின் மெலிந்த கல்லாவிலிருந்து கொடுக்க வேண்டும். பதிலுக்குப் புரட்டாசியில் புதிதாகச் சேர்கிற பாக்கி 1,00,000, ஜிஎஸ்டி 25,000 மட்டுமே. அந்த வகையில் 75,000 கூடுதலாக வெளியே போகிறது. ஆக ஒரே மாதத்தில் 3,25,000 குறைவு. கையில் இருந்தது இரண்டு லட்சம். ஐப்பசி பிறப்பதற்குள் ஒன்றேகால் லட்சத்துக்கு யாருக்காவது கைவிரிக்க வேண்டும்.

புரட்டாசி கடையைக் கவிழ்த்துவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். கடை ஆனியிலிருந்தே மாதம் 70,000 இழந்துகொண்டிருந்தது. அதை மூடி மறைத்தது அடுத்தவர் பணம். கல்யாண ஆர்டருக்கு வாங்குகிற அட்வான்ஸும் இதே வேலையைச் செய்யும்: தை முகூர்த்தத்துக்குக் கார்த்திகையில் கொடுத்த 50,000, பந்தி போடும் வரை விற்பனை இல்லை, அதுவரை அது திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன் மாதிரிதான்.

ஆனி மாத முடிவில் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், ரொக்க ஓட்ட அறிக்கையின் முதல் வரி நட்டம் 70,000 என்றுதான் தொடங்கியிருக்கும். அதன் கீழே கொடுக்கவேண்டியது கூடியதால் வந்த 4,10,000 தனி வரியாக நின்றிருக்கும். தொழிலிலிருந்து வந்த ரொக்கம் லாபத்தைவிட இவ்வளவு அதிகம் என்றால், அதில் எவ்வளவு பாக்கி என்பதைத்தான் அடுத்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு இரவும் வசூலான ஜிஎஸ்டியை வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றி, சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கையும் அதோடு ஒதுக்கியிருந்தால், அந்த 3,40,000-ல் இரண்டரை லட்சம் கல்லாவை விட்டு விலகியிருக்கும். மிஞ்சியிருப்பது 90,000. அதிலும் கறிக்கடைக்காரருக்கும் மளிகைக்கும் தர வேண்டியது 1,60,000 என்று தெரிந்தபின், பிளேட் விலையை ஏற்றுவதா, மாஸ்டர் எண்ணிக்கையைக் குறைப்பதா, வாடகையைப் பேசிப் பார்ப்பதா என்று யோசிக்க அவருக்குப் புரட்டாசிக்கு முன்னால் முழுதாக இரண்டு மாதம் இருந்தது.